கனவு கலையும் எட்டு நிமிடங்கள்

1893-ம் ஆண்டு, அமெரிக்காவின் வெல்லஸ்லி கல்லூரியில் உளவியல் கற்பித்துக்கொண்டிருந்த மேரி விட்டன் கால்கின்ஸ் கனவுகளைப் பற்றி ஒரு புள்ளிவிவரக் கட்டுரை வெளியிட்டார். அவரும் சக ஆய்வாளர் ஒருவரும் சில வாரங்கள் படுக்கையருகே தாள், பென்சில், மெழுகுவத்தி, தீப்பெட்டி எல்லாம் வைத்துக்கொண்டு தூங்கினார்கள். இரவின் வெவ்வேறு நேரங்களுக்கு அலாரம் வைத்து எழுந்து, அந்தக் கணத்தில் நினைவிருந்த கனவை எழுதினார்கள். இருவருமாகச் சேர்த்த கனவுகள் 375. கால்கின்ஸ் அப்போது எரிச்சலோடு கவனித்த ஒன்று இன்றைக்கும் நமக்கு ஒத்துப்போகிறது. விழித்த நொடியில் கனவு முழுதாக இருக்கும். மெழுகுவத்தி ஏற்றக் கையை நீட்டுவதற்குள் போய்விடும். ஏதோ சுவாரசியமான ஒன்று நடந்தது என்ற உணர்வு மட்டும் தங்கும். என்ன நடந்தது என்று கேட்டால் பதில் இருக்காது.

பகலில் நமக்கு இப்படி நேர்வதில்லை. வழியில் ஒரு யானை நம்மிடம் பேசியிருந்தால், அதை ஆயுளுக்கும் மறக்கமாட்டோம். கனவில் பேசிய யானை பல் துலக்கி முடிப்பதற்குள் மறந்துவிடுகிறது. விஷயம் வினோதமாக இருந்தால் நினைவில் நிற்கும் என்ற பொது விதி இங்கே பலிக்கவில்லை. ஃபிராய்ட் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார்: நமக்கே ஒப்புக்கொள்ள முடியாத ஆசைகள் கனவில் வருவதால் மனம் அவற்றை அழுத்தி மறைக்கிறது என்றார். அப்படியானால் வெட்கப்பட ஏதுமில்லாத கனவுகளாவது தங்கவேண்டும். பேருந்தைத் தவறவிட்ட கனவும் தொலைந்த செருப்பைத் தேடிய கனவும்கூட அதே வேகத்தில்தான் போகின்றன. எனக்கு ஃபிராய்டின் விளக்கம் ஒருபோதும் போதுமானதாகத் தோன்றியதில்லை. இதை அளந்து பார்க்க ஒரு வழி கிடைக்கும்வரை வேறு விளக்கத்துக்கும் வழியில்லாமல் இருந்தது.

வழி கிடைத்தது சிகாகோ பல்கலைக்கழகத்தில். 1953-ல் அங்கே யூஜின் அசெரின்ஸ்கியும் அவருடைய பேராசிரியர் நத்தேனியல் கிளைட்மனும், உறக்கத்தில் சில கட்டங்களில் மூடிய இமைகளுக்குள் கண்கள் வேகமாக அங்குமிங்கும் ஓடுவதைப் பதிவுசெய்தார்கள். அந்தக் கட்டத்துக்கு இன்று ரெம் உறக்கம் என்று பெயர். அந்நேரத்தில் எழுப்பிக் கேட்டால் பெரும்பாலானோர் விரிவான கனவைச் சொன்னார்கள். அதே ஆய்வகத்தில் மாணவராக இருந்த வில்லியம் டிமென்ட் இதை ஒரு முறையான சோதனையாக்கினார். படுக்கையருகே சாதாரண வீட்டு அழைப்புமணி. பக்கத்தில் குரல் பதிவுக் கருவி. மணி அடித்ததும் தூங்கியவர் எழுந்து, யாரிடமும் பேசாமல், கனவு கண்டாரா, என்ன கனவு என்பதைக் கருவியில் சொல்லவேண்டும்.

1957-ல் வெளிவந்த முடிவுகளில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது ஒரு பகுதியைத்தான். ரெம் உறக்கத்தில் 191 முறை எழுப்பியதில் 152 முறை கனவு நினைவிருந்தது. கண் அசையாத மற்ற உறக்கத்தில் 160 முறை எழுப்பியதில் 11 முறை மட்டும். அந்த 11 எப்போது கிடைத்தன என்று டிமென்ட் பிரித்துப் பார்த்தார். நமக்கு வேண்டியது அங்கேதான் இருக்கிறது. ரெம் கட்டம் முடிந்து எட்டு நிமிடத்துக்குள் எழுப்பப்பட்டது 17 முறை. அதில் 5 முறை கனவு நினைவிருந்தது. எட்டு நிமிடம் தாண்டி எழுப்பப்பட்டது 132 முறை. அதில் 6 முறைதான் ஏதோ நினைவிருந்தது.

இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுப்பினால் ஐந்தில் நான்கு பேர் கதை சொல்கிறார்கள். கனவு முடிந்து சில நிமிடம் விட்டால் மூன்றில் ஒருவர்கூட இல்லை. அதற்கும் மேல் விட்டால் இருபதில் ஒருவர்தான். நடுவில் யாரும் அவர்களைத் தொந்தரவு செய்யவில்லை, எழுப்பவில்லை, வேறெதையும் காட்டவில்லை. அவர்கள் தூங்கிக்கொண்டு மட்டும் இருந்தார்கள். ஒரு இரவில் நாலைந்து ரெம் கட்டங்கள் வருகின்றன. கூட்டினால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். அதாவது ஒரு முழுத் திரைப்படத்தின் நீளத்துக்குக் கனவு ஓடி, அதில் பெரும்பகுதி நாம் விழிப்பதற்கு வெகுநேரம் முன்பே காணாமல் போயிருக்கிறது. காலையில் நாம் இழந்ததாக வருந்துவது அந்தக் கடைசிக் காட்சியை மட்டும்தான்.

இதை மறதி என்று சொல்வதுகூட முழுக்கச் சரியில்லை. மறக்கவேண்டுமானால் முதலில் அது எங்காவது பதிந்திருக்கவேண்டும்.

ஒரு அனுபவம் நடக்கும்போது அது மூளையில் வெறும் மின்துடிப்பாக இருக்கிறது. குறிப்பிட்ட நரம்பணுக்கள் துடித்துக்கொண்டிருக்கும்வரை அது நம் கைவசம் இருக்கும். கவனம் வேறு பக்கம் போனதும் விநாடிகளில் அடங்கிவிடும். யாரோ சொன்ன தொலைபேசி எண்ணை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே பேனா தேடுகிறோமே, அந்த நிலை. அது நாளைக்கும் நிற்கவேண்டுமானால், மூளையின் இருபக்கமும் காதுக்கு உள்ளே தள்ளி அமைந்திருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி, காட்சி, ஓசை, இடம், ஆள் என்று சிதறிக் கிடப்பவற்றை ஒன்றாகக் கட்டவேண்டும். நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகள் உண்மையிலேயே மாறவேண்டும். அதற்குப் புரதங்கள் உருவாகவேண்டும், நேரமாகும். அதோடு, இது பதியத்தக்கது என்று சொல்லும் ஒரு வேதிச் சைகையும் தேவை.

அந்தச் சைகைகளில் முக்கியமானது நார்அட்ரினலின். மூளைத்தண்டில், நீலம் படிந்த ஒரு சிறு புள்ளியாகத் தெரியும் இடத்திலிருந்து சில பத்தாயிரம் நரம்பணுக்கள் இதை மூளை முழுவதற்கும் அனுப்புகின்றன. திடுக்கிடும்போதும் ஒன்றைக் கூர்ந்து கவனிக்கும்போதும் இவை வேகமாகத் துடிக்கும். 1981-ல் கேரி ஆஸ்டன்-ஜோன்ஸும் ஃபிளாய்ட் புளூமும் எலிகளில் இந்த அணுக்களை இரவுபகலாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விழிப்பில் துடிப்பு அதிகம், ஆழ்ந்த உறக்கத்தில் குறைவு, ரெம் உறக்கத்தில் ஏறக்குறைய மௌனம். விழிப்பதற்குச் சற்று முன்னால் அவை மறுபடி துடிக்கத் தொடங்கின.

ரெம் உறக்கத்தின் விசித்திரம் இதுதான். மூளையின் வேறொரு வேதிப்பொருளான அசிட்டைல்கோலின் அந்நேரம் விழிப்புக்கு நிகராகப் பெருகியிருக்கிறது. பார்வைப் பகுதிகளும் உணர்ச்சிப் பகுதிகளும் முழுவீச்சில் இயங்குகின்றன. அதனால் கனவில் வண்ணம் இருக்கிறது, பயம் இருக்கிறது, ஓட்டம் இருக்கிறது. முன்மூளையின் சில பகுதிகள் மட்டும் மந்தமாக இருப்பதால், யானை பேசுவதில் என்ன தவறு என்று கேட்க ஆளில்லை. நார்அட்ரினலினும் இல்லாததால், இதைப் பதிந்துகொள் என்று சொல்லவும் ஆளில்லை. எலியிடம் கனவு கண்டாயா என்று கேட்க முடியாது என்பதையும் சொல்லிவிடவேண்டும். நார்அட்ரினலின் இல்லாததும் கனவு தங்காததும் ஒரே நேரத்தில் நடக்கின்றன; முன்னது பின்னதற்குக் காரணம் என்பது வலுவான சூழ்நிலைச் சான்றிலிருந்து எடுத்த முடிவு.

மனிதர்களிடமிருந்தே கிடைத்த சான்று ஒன்று ஜெர்மனியின் பான் நகரத்திலிருந்து வந்தது. வலிப்பு நோயின் ஊற்றிடத்தைக் கண்டுபிடிக்க அங்கே சில நோயாளிகளின் மூளைக்குள்ளேயே மின்முனைகள் வைத்திருந்தார்கள். ஹிப்போகாம்பஸும் அதற்கு வாசல் போல அமைந்த பக்கத்துப் புறணியும் உறக்கத்தில் எவ்வளவு ஒத்திசைந்து துடிக்கின்றன என்று ஜூர்கன் ஃபெல்லும் கூட்டாளிகளும் அளந்தார்கள். கனவுகளை நன்றாக நினைவுகூர்பவர்களிடம் அந்த ஒத்திசைவு, கனவே நினைவில்லாதவர்களிடம் இருந்ததைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. 2006-ல் வெளியான முடிவு இது. ஆட்கள் சிலரே, அத்தனை பேரும் நோயாளிகள். ஆனாலும் ஹிப்போகாம்பஸுக்குள் தகவல் போகும் வழி எவ்வளவு திறந்திருக்கிறதோ அவ்வளவு கனவு மிஞ்சும் என்ற கருத்துக்கு இதைவிட நேரான அளவீடு கிடைப்பது கடினம்.

உறக்கம் நினைவின் கதவைச் சாத்துகிறது என்பதற்குக் கனவையே தொடாமலும் ஒரு நிரூபணம் இருக்கிறது. அரிசோனாவில் 1994-ல் ஜேம்ஸ் வயட் குழுவினர், தூக்கம் வரும் நேரத்தில் படுத்திருந்தவர்களுக்கு நிமிடத்துக்கு ஒருமுறை சொற்களைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சிலரைத் தூங்கிய அரை நிமிடத்தில் எழுப்பினார்கள். சிலரைப் பத்து நிமிடம் தூங்கவிட்டு எழுப்பினார்கள். அரை நிமிடக்காரர்களுக்குத் தூங்குமுன் கேட்ட கடைசிச் சொற்கள் வரை நினைவிருந்தன. பத்து நிமிடக்காரர்களுக்குத் தூங்குவதற்கு முந்தைய சில நிமிடங்களில் கேட்டவை துடைத்தாற்போல் போய்விட்டன. அந்தச் சொற்களை அவர்கள் முழு விழிப்பில்தான் கேட்டார்கள். பதிவு நிலைபெறும் முன் உறக்கம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

இது நம் வீடுகளில் வாரம் ஒருமுறை நடக்கிற சமாச்சாரம். இரவு இரண்டு மணிக்கு கரண்ட் போய் மின்விசிறி நிற்கிறது. கணவர் எழுந்து ஜன்னலைத் திறக்கிறார், “தண்ணி மோட்டார் ஸ்விட்சை அணைச்சியா?” என்று கேட்கிறார், மனைவி சொன்ன பதிலுக்குத் தலையாட்டிவிட்டு மறுபடி படுக்கிறார். காலையில் “ராத்திரி நான் எழுந்தேனா?” என்கிறார். பொய் சொல்லவில்லை. எழுந்திருந்த நேரம் குறைவு, உடனே தூக்கம். பதிவதற்கு அவகாசம் இல்லை. விழிப்பில் நடந்த பேச்சுக்கே இந்தக் கதி என்றால், உறக்கத்துக்குள்ளேயே பிறந்து உறக்கத்துக்குள்ளேயே முடிகிற கனவுக்கு என்ன வாய்ப்பு இருக்கும்?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். தூக்கம் நினைவை வலுப்படுத்துகிறது, தேர்வுக்கு முந்தைய இரவு தூங்கினால்தான் படித்தது நிற்கும் என்கிறார்களே. இதுவோ தூக்கத்தில் பதிவே நடக்காது என்கிறதே?

இரண்டும் உண்மை. ஊர்ப்பக்க மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். இரவு ஷட்டரை இறக்கியபிறகு உள்ளே வேலை நிற்பதில்லை. அன்றைய துண்டுச்சீட்டுகளை எடுத்துப் பேரேட்டில் ஏற்றும் வேலை அப்போதுதான் நடக்கிறது. அந்நேரத்தில் யாராவது ஷட்டரைத் தட்டிப் பருப்பு கேட்டால் கணக்கில் ஏறாது. உறக்கத்தில் நம் மூளை பழைய சீட்டுகளைப் பேரேட்டில் ஏற்றுகிறது. புதுச் சீட்டு எழுதுவதில்லை.

பேரேட்டில் ஏற்றும் இந்த வேலையைக் கண்ணால் காண்பதுபோல் காட்டியவர்கள் மேத்யூ வில்சனும் புரூஸ் மெக்நாட்டனும். எலியின் ஹிப்போகாம்பஸில் சில அணுக்கள் அது ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிற்கும்போது மட்டும் துடிக்கும். ஓடும்போது எந்த அணுக்கள் சேர்ந்து துடித்தனவோ அவையே பிறகு எலி ஆழ்ந்து உறங்கும்போதும் சேர்ந்து துடித்ததை 1994-ல் அவர்கள் பதிவுசெய்தார்கள். பகலில் ஓடிய பாதை, சில நொடிகள் எடுத்த ஓட்டம், உறக்கத்தில் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் சுருங்கி மறுபடி ஓடுகிறது என்பது பின்னர் வந்த ஆய்வுகளில் தெளிவானது. அதோடு ஒரு கூர்மையான மின்சிற்றலை எழும். 2009-ல் பாரிஸில் கேப்ரியல் ழிரார்தோ குழுவினர், பயிற்சி முடிந்து எலி தூங்கும்போது அந்தச் சிற்றலை எழும் ஒவ்வொரு தடவையும் லேசான மின்தூண்டலால் அதைக் கலைத்தார்கள். அந்த எலிகள் வழியைக் கற்க மற்றவற்றைவிடத் திணறின.

இந்தப் போக்குவரத்து ஹிப்போகாம்பஸிலிருந்து வெளியே, புறணியை நோக்கிப் போவது. ஆழ்ந்த உறக்கத்தில் அசிட்டைல்கோலின் தாழ்ந்திருப்பது அதற்கு வழிவிடுகிறது. ரெம் உறக்கத்தில் அது உயர்ந்ததும் அந்த வழி குறுகுகிறது. அதனால்தான் கனவில் நேற்றைய நிகழ்ச்சி நடந்தபடியே வருவது அரிது. நேற்றுப் பார்த்த முகம், என்றோ படித்த பள்ளி வராந்தா, எங்கேயோ கேட்ட குரல் என்று துண்டுகளாகவே வருகிறது. நிகழ்ச்சியை நிகழ்ச்சியாகக் கட்டிவைத்திருக்கும் பகுதி கனவின் மேடைக்குப் பெரும்பாலும் வருவதில்லை.

எவ்வளவு தூரம் வராமலேயே கனவு நடக்கும்? ஹார்வர்டில் ராபர்ட் ஸ்டிக்கோல்ட் 2000-ல் ஒரு குறும்புத்தனமான சோதனை செய்தார். ஆட்களை மூன்று நாட்கள் டெட்ரிஸ் கணினி விளையாட்டு ஆடவைத்து, தூக்கம் கவியும் நேரத்தில் கண்ணுக்குள் என்ன தெரிகிறது என்று கேட்டார். பலருக்கும் கட்டங்கள் விழுந்து சுழன்று பொருந்தும் காட்சி வந்தது. அவருடைய ஆட்களில் ஐந்து பேர் ஹிப்போகாம்பஸ் பகுதி சேதமடைந்த மறதி நோயாளிகள். விளையாடியதே அவர்களுக்கு நினைவில்லை. ஆனாலும் ஐவரில் மூவர் கட்டங்கள் விழுவதைக் கண்டதாகச் சொன்னார்கள். அவை எங்கிருந்து வந்தன என்றுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. இது ரெம் கனவல்ல, தூக்கத்தின் வாசலில் வரும் காட்சி. இருந்தாலும், உறங்கும் மூளை படம் காட்ட ஹிப்போகாம்பஸை நம்பியிருக்கவில்லை என்பதற்கு இது போதும். கனவைக் கட்டுவதில் பங்கெடுக்காத ஒன்று அதைக் கட்டிவைக்கவும் மெனக்கெடாததில் வியப்பில்லை.

2019-ல் ஜப்பானின் நகோயாவிலிருந்து வந்த ஒரு முடிவு இன்னும் ஒரு படி மேலே போனது. அகிஹிரோ யமனாகாவின் குழு, சுண்டெலியின் ஹைப்போதலாமஸில் எம்.சி.எச். என்ற பொருளைச் சுரக்கும் அணுக்களைக் கவனித்தது. பசியோடு தொடர்புடையவை என்று நெடுங்காலம் கருதப்பட்டவை. அவற்றில் பாதிக்குச் சற்று மேல் ரெம் உறக்கத்தில்தான் துடித்தன. சுமார் மூன்றில் ஒரு பங்கு விழிப்பில். இவற்றின் கிளைகள் ஹிப்போகாம்பஸுக்குப் போய் அங்கே உள்ள அணுக்களை அடக்கின. சுண்டெலிக்கு ஒரு பொருளைக் காட்டிவிட்டு, பிறகு புதுப்பொருளோடு வைத்தால், அது புதியதை முகர்ந்து பார்க்க அதிக நேரம் செலவிடும்; பழையது நினைவிருக்கிறது என்று அர்த்தம். எம்.சி.எச். அணுக்களைச் செயற்கையாகத் தூண்டினால் இந்த நினைவு கெட்டது. ரெம் உறக்கத்தில் மட்டும் அவற்றை அடக்கி வைத்தால் நினைவு மேம்பட்டது. விழிப்பிலோ மற்ற உறக்கத்திலோ அடக்கினால் எந்த வித்தியாசமும் இல்லை. ஆக, ரெம் நேரத்தில் பதிவுக்கு அனுமதி இல்லாதது மட்டுமல்ல, பதியவிடாமல் தடுக்கும் ஒரு கையும் வேலை செய்கிறது. கனவு கலைவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று அந்தக் குழு எழுதியது. அவர்கள் சோதித்தது பொருளின் நினைவை, கனவின் நினைவை அல்ல என்பதால் அந்த ‘இருக்கலாம்’ அங்கேயே நிற்கட்டும்.

இத்தனை தடைகளையும் தாண்டிச் சில கனவுகள் எப்படித்தான் நமக்குக் கிடைக்கின்றன?

கனவின் மின்துடிப்பு அடங்குவதற்குள் விழிப்பு வந்துவிட்டால் கிடைக்கும். விழித்ததும் நார்அட்ரினலின் திரும்புகிறது, ஹிப்போகாம்பஸ் புதிதாக எழுதத் தயாராகிறது. அந்த நொடியில் கனவின் கடைசிப் பகுதி இன்னும் மனதில் ஓடிக்கொண்டிருந்தால், அதை நாம் விழிப்பின் அனுபவமாக ஒருமுறை திரும்பப் பார்க்கிறோம். பதிவது அந்தத் திரும்பிப் பார்த்தல்தான். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். பலிக்கிறதோ இல்லையோ, சொல்வதற்கு மிஞ்சுவது பெரும்பாலும் விடியற்காலைக் கனவுதான். ரெம் கட்டங்கள் இரவு போகப்போக நீளும், கடைசியும் நீண்டதுமான கட்டத்திலிருந்துதான் நாம் நேராக எழுகிறோம்.

ஆனால் விழித்தவுடனேயே மூளை முழுத்திறனுக்கு வருவதில்லை. அமெரிக்காவில் தாமஸ் பால்கினும் சகாக்களும் விழித்தவர்களின் மூளை ரத்த ஓட்டத்தை அளந்தபோது, மூளைத்தண்டும் தலாமஸும் உடனே மீண்டன. முன்மூளைப் பகுதிகள் நிலைக்கு வரக் கால் மணி நேரம்வரை ஆனது. கண் திறந்திருக்கிறது, ஆள் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. கனவைப் பிடிக்கவேண்டிய நேரமும் அந்த அரைகுறை நேரமும் ஒன்றாக அமைந்துவிடுவதுதான் துரதிர்ஷ்டம். அப்போது ஏதாவது குறுக்கே வந்தால் தீர்ந்தது.

குறுக்கே வருவது எவ்வளவு கெடுக்கும் என்பதை டேவிட் கோஹனும் கேரி வுல்ஃபும் 1973-ல் மிக எளிமையாக அளந்தார்கள். ஒரு பகுதியினரிடம், காலையில் எழுந்ததும் ஒன்றரை நிமிடம் அசையாமல் படுத்திருந்துவிட்டுக் கனவை எழுதச் சொன்னார்கள். மற்றவர்களிடம், எழுந்ததும் முதலில் தொலைபேசியில் வானிலை அறிவிப்பு எண்ணை அழைத்து, அன்றைய வெப்பநிலையைக் குறித்துவிட்டு, பிறகு கனவை எழுதச் சொன்னார்கள். படுத்திருந்தவர்களில் 63 சதவீதம் பேர் கனவின் உள்ளடக்கத்தை எழுதினார்கள். வெப்பநிலை கேட்டவர்களில் 33 சதவீதம். குறைந்தவர்கள் எங்கே போனார்கள் என்று பார்த்தால் இன்னும் சுவாரசியம்: கனவே காணவில்லை என்றவர்கள் அதிகம் பெருகவில்லை, கனவு கண்டேன், என்ன என்று தெரியவில்லை என்றவர்கள் 18-லிருந்து 43 சதவீதமாகப் பெருகினார்கள். ஒரு எண்ணைச் சுழற்றி ஒரு அளவைக் கேட்ட நேரத்தில் கனவின் உடம்பு போய் உணர்வு மட்டும் நின்றிருக்கிறது. இன்று பெரும்பாலோர் கண் விழித்ததும் கைபேசியைத்தான் எடுக்கிறோம். அந்தச் சோதனையின் இரண்டாவது குழுவில் நாமாகவே போய்ச் சேர்ந்துவிட்டோம்.

இதே கணக்கை மறுபக்கமிருந்து பார்த்தவர்கள் பிரான்சின் லியோன் நகரத்து ஆய்வாளர்கள். பெரின் ரூபியும் ஜான்-பாப்டிஸ்ட் ஐசென்லாபும், அன்றாடம் கனவு நினைவிருப்பவர்களையும் மாதத்துக்கு ஓரிரண்டு கனவுதான் நினைவிருப்பவர்களையும் ஆய்வகத்தில் தூங்கவைத்து இரவு முழுவதும் தாழ்ந்த ஒலிகளையும், இடையிடையே அவர்களுடைய பெயரையும் ஒலிக்கவிட்டார்கள். கனவு அதிகம் நினைவிருப்பவர்களின் மூளை பெயருக்கு வலுவாகப் பதிலளித்தது. இரவில் அவர்கள் இடையிடையே விழித்திருந்த நேரம் கூட்டினால் சுமார் அரை மணி. மற்றவர்களுக்குக் கால் மணிதான். ஒவ்வொரு விழிப்பும் ஓரிரு நிமிடம். எழுந்ததே பலருக்குத் தெரியாது. கனவைப் பதிய அந்த ஓரிரு நிமிடம் போதும். கனவு நினைவிருப்பது ஏதோ ஆழ்ந்த மனத்தின் அடையாளம் என்று பெருமைப்படுபவர்கள், தாங்கள் கொஞ்சம் அரைத் தூக்கக்காரர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எனக்குக் கனவே வராது என்று சொல்பவர்களுக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. ரெம் உறக்கத்தில் உடல் தசைகள் செயலிழந்திருப்பது வழக்கம். சிலருக்கு ஒரு நோயால் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். கனவில் உதைத்தால் நிஜத்திலும் கால் உதைக்கும். பாரிஸில் இசபெல் ஆர்னுல்ஃபின் குழு இத்தகையவர்களை இரவில் படம்பிடித்தது. அவர்களில் ஒருசிலர் பல ஆண்டுகளாகக் கனவே கண்டதில்லை என்றவர்கள். ஒரு கனவுகூட நினைவில்லாதவர்களும் உண்டு. படத்தில் அவர்கள் வாதாடினார்கள், சண்டையிட்டார்கள், பேசினார்கள். எழுந்ததும் ஒன்றும் தெரியாது என்றார்கள்.

கிடைத்த கனவையும் முழுதாக நம்பிவிடக்கூடாது. பிரெஞ்சு அறிஞர் ஆல்ஃபிரெட் மோரி 1861-ல் வெளியிட்ட நூலில் ஒரு கனவு புகழ்பெற்றது. பிரெஞ்சுப் புரட்சிக் காலம், விசாரணை, தீர்ப்பு, கொலைமேடை, கழுத்தில் கத்தி விழுகிறது. விழித்துப் பார்த்தால் கட்டிலின் மேற்பகுதி கழன்று கழுத்தில் விழுந்திருக்கிறது. அப்படியானால் அத்தனை நீளக் கதையும் கட்டை விழுந்த நொடியில் உருவாகியிருக்கவேண்டும், கனவுகள் மின்னல் வேகத்தில் நடப்பவை என்று பலரும் நெடுங்காலம் நம்பினார்கள். டிமென்ட் இதையும் சோதித்தார். ரெம் தொடங்கி ஐந்து நிமிடத்தில் அல்லது பதினைந்து நிமிடத்தில் எழுப்பி, கனவு எவ்வளவு நேரம் ஓடியது என்று கேட்டார். 111 முறையில் 92 முறை சரியாகச் சொன்னார்கள். கனவு ஏறக்குறைய நிஜ நேரத்தில்தான் ஓடுகிறது. மோரிக்கு நடந்தது வேறாக இருந்திருக்கும்: விழிப்பில் மிஞ்சியிருந்த துண்டுகளைக் கழுத்தில் பட்ட அடியோடு சேர்த்து, மூளை பின்னோக்கி ஒரு கதை கோத்திருக்கும், அதை அவர் எழுதியதும் பல ஆண்டுகள் கழித்து. பிற்பகலில் சொல்லும்போது காலையில் சொன்னதைவிடக் கனவு கோவையாக இருக்கிறதென்றால், இடைவெளிகளை நாம் நிரப்பியிருக்கிறோம் என்று அர்த்தம். அதனால்தான் கனவை ஆராய்பவர்கள் எழுப்பிய உடனே, கேள்வி எதுவும் நீட்டாமல், துண்டு துண்டாக இருந்தாலும் அப்படியே சொல்லவைக்கிறார்கள். வீட்டில் செய்ய விரும்புபவர்களுக்கும் அதே முறைதான்: கண்ணைத் திறக்காமல், புரண்டு படுக்காமல், கடைசிக் காட்சியிலிருந்து பின்னோக்கிப் போகவேண்டும், ஒரு சொல் கிடைத்தால் அதைச் சத்தமாகச் சொல்லிவிடவேண்டும்.

மிச்சமிருப்பது அந்த உள்ளடக்கமில்லாத கனவு. கனவு கண்டேன், என்னவென்று தெரியவில்லை என்று சொல்பவரிடம் உண்மையில் ஒரு கனவு இருந்ததா, அல்லது வெறும் ஒரு மங்கலான உணர்வைத்தான் கனவு என்கிறாரா? விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பிரான்செஸ்கா சிக்லாரியும் ஜூலியோ டொனோனியும் 256 மின்முனைகள் கொண்ட வலையைத் தலையில் மாட்டித் தூங்கவைத்து, இரவெல்லாம் எழுப்பிக் கேட்டு, 2017-ல் இதற்கு ஒரு பதில் தந்தார்கள். கனவு கண்டதாகச் சொன்ன எல்லோரிடமும், எழுப்புவதற்கு முந்தைய நொடிகளில் மூளையின் பின்பகுதி ஒன்றில் மெதுவான அலைகள் தணிந்திருந்தன. உள்ளடக்கத்தைச் சொல்ல முடிந்தவர்களிடமும் முடியாதவர்களிடமும் அது அப்படியே இருந்தது. இரு தரப்பாருக்கும் வேறுபட்ட இடம் நெற்றிப் பக்கத்திலும் உச்சிப் பக்கத்திலும் இருந்தது: சொல்ல முடிந்தவர்களிடம் அங்கே வேகமான அலைகள் கூடுதலாக இருந்தன. பின்னால் படம் இருவருக்கும் ஓடியிருக்கிறது. முன்னால் ஒருவருக்குத்தான் பார்த்து வைக்க ஆள் இருந்திருக்கிறது. இதை ஏற்காதவர்களும் உண்டு. அவ்வளவு மங்கலான அனுபவத்தில் நினைவில் வைக்க எதுவும் இருந்திருக்காது, அதை மறதிக் கணக்கில் எழுதக்கூடாது என்பது அவர்கள் வாதம். ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவர்களைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன்; ரெம் உறக்கத்திலிருந்து எழுப்பப்பட்டு, கண்கள் அங்குமிங்கும் ஓடிய சுவடு இன்னும் வரைபடத்தில் இருக்க, ஒன்றும் நினைவில்லை என்பவர்களிடம் அந்த வாதம் எடுபடாது.